8.6 சிஜிபிஏ எத்தனை சதவீதம்? சிபிஎஸ்இ 95-ம் ஸ்டேட் போர்டு 97-ம் எப்படி ஒப்பிடப்படுகின்றன?

கேள்வி: 2016-ல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் எனக்கு 8.6 சிஜிபிஏ. பி.இ.யில் 7.82. வேலை விண்ணப்பத்தில் இரண்டுக்கும் சதவீதம் கேட்கிறார்கள். ஒருவர் 9.5-ஆல் பெருக்கு என்கிறார், இன்னொருவர் 10-ஆல் பெருக்கு என்கிறார். எது சரி? இன்னொன்று: தம்பி இப்போது சிபிஎஸ்இ பிளஸ் டூவில் கணக்கு 95, இயற்பியல் 92, வேதியியல் 94. ஸ்டேட் போர்டில் படித்த அத்தை பையனுக்கு 97, 94, 93. போர்டு வேறு என்பதால் பொறியியல் கலந்தாய்வில் தம்பிக்கு மதிப்பெண் ஏற்றிப் போடுவார்களா?

பதில்:

பத்தாம் வகுப்புக்கு 81.7 என்று எழுதுங்கள். பி.இ.க்கு உங்கள் பல்கலைக்கழகம் எந்த விதியைச் சொல்கிறதோ அதுதான். அதைக் கீழே விளக்குகிறேன். தம்பிக்கு ஏற்றிப் போட மாட்டார்கள். அவன் கட்-ஆஃப் 188, அத்தை பையனுடையது 190.5, அப்படியேதான் நிற்கும். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த விண்ணப்பத்தில் குழப்பம் வராது.

முதலில் பத்தாம் வகுப்பு. சிபிஎஸ்இ சிஜிபிஏ கொடுத்த காலத்தில், அதாவது 2010-லிருந்து 2017 வரை, 91 முதல் 100 வரை எடுத்தவருக்கு ஏ1 கிரேடு, 10 புள்ளி. 81 முதல் 90 வரை ஏ2, 9 புள்ளி. 71 முதல் 80 வரை பி1, 8 புள்ளி. 61 முதல் 70 வரை பி2, 7 புள்ளி. இப்படியே இறங்கி, 33 முதல் 40 வரை 4 புள்ளி. ஐந்து முக்கியப் பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி 5-ஆல் வகுத்தால் சிஜிபிஏ. ஆறாவதாக எடுத்த கூடுதல் பாடம் இதில் சேராது. ஐந்தால் வகுப்பதால் அந்தக் காலத்துச் சிஜிபிஏ எப்போதும் 8.2, 8.4, 8.6 என்று 0.2 இடைவெளியில்தான் வரும். யாராவது 8.5 என்று எழுதியிருந்தால் ஆறாவது பாடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

8.6 என்றால் ஐந்து பாடங்களில் மொத்தம் 43 புள்ளி. உங்கள் கிரேடுகள் ஏ1, ஏ2, ஏ2, பி1, பி2 என்று வைத்துக்கொள்வோம்: 10 + 9 + 9 + 8 + 7 = 43. இப்போது ஒவ்வொரு கிரேடிலும் நீங்கள் எடுத்திருக்கக்கூடிய மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள்: 91 + 81 + 81 + 71 + 61 = 385. சதவீதம் 77. மிக அதிக மதிப்பெண்களைக் கூட்டினால் 100 + 90 + 90 + 80 + 70 = 430. சதவீதம் 86. ஆக, 8.6 சிஜிபிஏ என்பது 77-க்கும் 86-க்கும் நடுவே எங்கோ இருக்கும் ஒரு மதிப்பெண். எங்கே என்பது அந்த எண்ணில் இல்லை. கிரேடு போட்ட அன்றே அந்தத் தகவல் போய்விட்டது. எந்தச் சூத்திரத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இங்கே 10-ஆல் பெருக்குவதன் கோளாறு தெரிகிறது பாருங்கள். 8.6 × 10 = 86. அது மேல் எல்லை. ஐந்து பாடத்திலும் அந்தந்தக் கிரேடின் உச்சியையே தொட்டதாகச் சொல்வது அது. 9.5-ஆல் பெருக்கினால் 81.7, எல்லைகளின் நடுப்புள்ளி 81.5. கிட்டத்தட்ட நடுவில் வந்து உட்காருகிறது. சிஜிபிஏ 9 என்றால் எல்லைகள் 81-ம் 90-ம், நடுப்புள்ளி 85.5, 9 × 9.5-ம் அதே 85.5. புள்ளி குறையக் குறைய இந்தப் பொருத்தம் கொஞ்சம் நழுவும்: சிஜிபிஏ 6-க்கு நடுப்புள்ளி 55.5, ஆனால் சூத்திரம் 57 தரும். 10-க்கு 95 தரும். அதனால் உண்மையில் 99 எடுத்தவரும் 95 என்றுதான் எழுத முடியும். ஆனாலும் 9.5 என்பது சிபிஎஸ்இ-யே அறிவித்த விதி. பாடவாரியாகவும் மொத்தத்துக்கும் அதுவே. அதை "ஏறத்தாழச் சுட்டும் சதவீதம்" என்றுதான் வாரியமும் சொன்னது. விண்ணப்பத்தில் கேட்பதும் அந்த அதிகாரபூர்வ எண்ணைத்தான்.

இன்னொரு காரணத்தாலும் பழைய கிரேடிலிருந்து துல்லியமான மதிப்பெண்ணைத் தேட வேண்டாம். அந்தக் காலத் தொடர் மதிப்பீட்டு முறையில் பாடம் சாராத செயல்பாடுகளில் நன்றாகச் செய்த மாணவருக்குச் சில பாடங்களில் கிரேடை ஒரு படி உயர்த்தித் தரும் ஏற்பாடு இருந்தது. அப்படி உயர்ந்த ஏ1-க்குப் பின்னால் இருந்த மதிப்பெண் 91-க்குக் கீழே கூட இருந்திருக்கலாம்.

2018-லும் அதற்குப் பிறகும் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் இந்த 9.5-ஐத் தொடவே கூடாது. அந்த ஆண்டிலிருந்து சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பிலும் மதிப்பெண்ணே தருகிறது. பக்கத்தில் ஏ1, ஏ2 என்று கிரேடும் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து அதேதான், பொருள் வேறு. இப்போதைய ஏ1 என்பது 91-100 அல்ல. அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கில் வருபவருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2. பிளஸ் டூவிலும் இதே முறைதான். ஆகவே ஒரு பாடத்தில் 91 எடுத்தும் ஏ2 வரலாம், இன்னொரு பாடத்தில் 85-க்கே ஏ1 வரலாம். இந்தக் கிரேடை 10, 9 என்று புள்ளியாக்கி 9.5-ஆல் பெருக்குவது முழுத் தவறு. மதிப்பெண் இருக்கும்போது அதையே கூட்டிச் சதவீதம் போடுங்கள். இந்தப் புதிய கிரேடுக்கு வேறொரு பயன் இருக்கிறது; தம்பியைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

இனி பி.இ. 7.82. பள்ளிச் சிஜிபிஏ சாதாரணச் சராசரி. கல்லூரிச் சிஜிபிஏ கிரெடிட் எடை போட்ட சராசரி. ஒவ்வொரு தாளின் கிரேடு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். பலர் எட்டு செமஸ்டர் ஜிபிஏ-க்களையும் கூட்டி எட்டால் வகுத்துவிடுகிறார்கள். தவறு எங்கே வரும் என்றால் கடைசி செமஸ்டரில். அதில் புராஜெக்ட் மட்டும் இருப்பதால் கிரெடிட் குறைவு, மதிப்பெண் அதிகம். முதல் ஏழு செமஸ்டரிலும் 7.70 எடுத்து, அவற்றின் கிரெடிட் மொத்தம் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவதில் 10 கிரெடிட், ஜிபிஏ 9.6.

```
சரியான கணக்கு: (150 × 7.70 + 10 × 9.6) ÷ 160 = 1251 ÷ 160 = 7.82
தவறான கணக்கு: (7 × 7.70 + 9.6) ÷ 8 = 63.5 ÷ 8 = 7.94
```

சதவீதமாக்கினால் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வரும். சான்றிதழ் சரிபார்ப்பின்போது தொகுப்பு மதிப்பெண் பட்டியலில் 7.82 என்று இருக்க, நீங்கள் 7.94-ஐ அடிப்படையாக வைத்து எழுதியிருந்தால் பதில் சொல்வது கடினம். பட்டியல் இன்னும் வராதவர்கள் விரிதாளில் கிரெடிட்டை B நெடுவரிசையிலும் ஜிபிஏவை C நெடுவரிசையிலும் போட்டு இந்த வரியைக் கொடுத்தால் போதும்:

```
=SUMPRODUCT(B2:B9,C2:C9)/SUM(B2:B9)
```

அரியர் இருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழக முறையில் தேர்ச்சி பெறாத தாள் அந்த செமஸ்டர் ஜிபிஏ கணக்கில் சேர்வதில்லை. தேர்ச்சி பெற்ற பிறகே அதன் கிரெடிட்டும் புள்ளியும் சிஜிபிஏவுக்குள் வரும். எனவே பழைய செமஸ்டர் அட்டையில் அச்சான ஜிபிஏக்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், பின்னால் முடித்த தாள்கள் விட்டுப்போகும். தாள்வாரியாகப் போடுவதே பத்திரம்.

இந்த 7.82-ஐச் சதவீதமாக்க நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு விதி கிடையாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 10-ஆல் பெருக்கிச் சொல்வது வழக்கம், அப்படியானால் 78.2. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தன் கையேட்டில் கொடுத்த அட்டவணையில் 6.25-க்கு 55, 6.75-க்கு 60, 7.25-க்கு 65, 7.75-க்கு 70, 8.25-க்கு 75 என்று இருக்கிறது. அதாவது சிஜிபிஏவிலிருந்து 0.75 கழித்து 10-ஆல் பெருக்கு. அதன்படி உங்களுக்கு 70.7. ஒரே படிப்பு, ஒரே சிஜிபிஏ, ஏழரை சதவீத வித்தியாசம்.

எது உண்மைக்கு நெருக்கம் என்று கேட்டால், மேலே பத்தாம் வகுப்புக்குச் சொன்ன அதே வாதம்தான். உங்கள் பல்கலைக்கழகத்தில் 91-100-க்கு 10 புள்ளி, 81-90-க்கு 9 என்று பத்துப் பத்தாகப் பிரித்திருந்தால் 78.2 என்பது மேல் எல்லை, சுமார் 69 என்பது கீழ் எல்லை. ஏஐசிடிஇ கணக்கு கீழ் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது, 10-ஆல் பெருக்குவது மேல் எல்லையிலேயே நிற்கிறது. உங்கள் வகுப்பில் யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக் கிரேடு போடும் ஒப்பீட்டு முறை என்றால் இந்த எல்லைகளும் பொருந்தாது. அங்கே ஒரு கிரேடுக்குப் பின்னால் நிலையான மதிப்பெண் வரம்பே இல்லை.

ஆனால் விண்ணப்பத்தில் உண்மைக்கு எது நெருக்கம் என்று யாரும் கேட்பதில்லை, எந்த விதியின்படி என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே வரிசை இப்படி. உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பாருங்கள். மாற்று விதி பெரும்பாலும் அங்கே அச்சாகியிருக்கும். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் சிஜிபிஏ–சதவீத மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அரசுத் துறை நிறுவனங்கள் பெரும்பாலும் "பல்கலைக்கழக விதிப்படி மாற்றிய சதவீதம்" என்றுதான் அறிவிப்பில் எழுதுகின்றன. சரிபார்ப்பு நாளில் அந்தக் காகிதத்தையே கேட்பார்கள். விண்ணப்பம் வாங்கும் நிறுவனம் தானே ஒரு சூத்திரம் கொடுத்திருந்தால், அந்த விண்ணப்பத்துக்கு அதுதான் சட்டம். இரண்டும் இல்லாதபோதுதான் 10-ஆல் பெருக்கும் வழக்கம். அப்போதும் பக்கத்தில் சிஜிபிஏவையும் எழுதி, எப்படி மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு விண்ணப்பத்தில் 78.2, இன்னொன்றில் 70.7 என்று இருப்பது பிழையல்ல, விதி வேறு என்று காட்ட முடிந்தால். காட்ட முடியாவிட்டால்தான் சிக்கல்.

முழு எண்ணாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வங்கிப் பணித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் தன் அறிவிப்புகளில் 59.99 சதவீதம் என்பது 60-க்குக் குறைவுதான் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டு தசம இடம் வரை எழுதுங்கள், மூன்றாவது இடத்தை உயர்த்தாதீர்கள். அதேபோல "முதல் வகுப்பு" கேட்கும் இடத்தில் சதவீதம் போட்டுப் பார்க்க வேண்டாம். பட்டச் சான்றிதழில் வகுப்பு அச்சாகியிருக்கும், அதை எழுதினால் போதும்.

வெளிநாட்டு விண்ணப்பமாக இருந்தால் மாற்றவே மாற்றாதீர்கள். 7.82-ஐ 0.4-ஆல் பெருக்கி 4-க்கு 3.13 என்று எழுதுவது பரவலான தவறு. நம் பத்துப் புள்ளி அளவில் தேர்ச்சி பெரும்பாலும் 4, 5 அல்லது 6-ல் தொடங்குகிறது; அமெரிக்க நான்கு புள்ளி அளவில் 1-ல் தொடங்குகிறது. தொடக்கமே வேறான இரண்டு அளவுகோல்களை ஒரே பெருக்கலால் இணைக்க முடியாது. டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் தாள்வாரியாகக் கிரேடைப் பார்த்துத் தாங்களே மாற்றுகின்றன. "10-க்கு 7.82" என்று கொடுப்பதே சரி.

இப்போது தம்பி. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு 100 அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. தம்பிக்கு 95 + 46 + 47 = 188. அத்தை பையனுக்கு 97 + 47 + 46.5 = 190.5. வித்தியாசம் 2.5, அதில் 2 கணக்கிலிருந்து வந்தது. இயற்பியலில் 2 மதிப்பெண் கூடினாலும் கட்-ஆஃபில் 1 தான் கூடும் என்பதால், கணக்கில் விட்டதை வேதியியலில் பிடிப்பது கடினம்.

போர்டுகளைச் சமப்படுத்தும் விதி இருக்கத்தான் இருக்கிறது. நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சேர்க்கைச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது, எடுத்துக்காட்டோடு. ஸ்டேட் போர்டில் இயற்பியலின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு போர்டில் 90 என்றால், இரண்டு உச்சமும் 100-க்குச் சமம் என்று கொள்ள வேண்டும். அந்தப் போர்டில் 60 எடுத்த மாணவருக்கு:

```
60 × 100 ÷ 90 = 66.66
```

ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக இப்படிச் செய்கிறார்கள். அவ்வளவுதான் விதி. உச்சத்தை உச்சத்தோடு சேர்த்து, மற்ற எல்லோரையும் அதே விகிதத்தில் மேலே தூக்குவது.

தம்பிக்கு இதனால் ஏன் ஒன்றும் கிடைக்காது? சிபிஎஸ்இ கணக்கிலும் இயற்பியலிலும் வேதியியலிலும் ஆண்டுதோறும் யாரோ சிலர் 100 எடுத்துவிடுகிறார்கள். உச்சம் 100 ஆனதும் விகிதம் 100 ÷ 100 = 1. 95-ஐ ஒன்றால் பெருக்கினால் 95-தான். இலட்சக்கணக்கானோர் எழுதும் போர்டுகளுக்கு இந்த விதி செயல்படுவதே இல்லை என்று சொல்லலாம். அதன் பலன் உண்மையில் சேருவது, சில நூறு பேரோ சில ஆயிரம் பேரோ எழுதும், உச்சம் 100-ஐத் தொடாத போர்டுகளுக்கு.

அங்கேயும் அது ஒற்றை மாணவரைப் பிடித்துத் தொங்குகிறது. ஒரு சிறிய போர்டில் இயற்பியல் உச்சம் 96 என்றால், 88 எடுத்தவர் 91.66 ஆகிறார், கட்-ஆஃபில் 1.83 கூடுகிறது. அதே போர்டில் அந்த ஆண்டு ஒரே ஒரு பெண் 100 எடுத்துவிட்டால், மற்ற அத்தனை பேரும் ஏற்றமில்லாமல் 88-லேயே நிற்பார்கள். வினாத்தாளும் மாறவில்லை, அவர்கள் படிப்பும் மாறவில்லை. ஒருவருடைய மதிப்பெண் மட்டும் மாறியது. உச்சத்தை மட்டும் பார்க்கும் எந்த முறைக்கும் இந்தப் பலவீனம் உண்டு.

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை மதிப்பெண்" அல்ல; "அதே தாளை எழுதியவர்களில் எத்தனை பேர் உனக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள்" என்பது. அதுதான் பெர்சன்டைல். முறையைக் காட்ட எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இவை எந்தப் போர்டின் புள்ளிவிவரமும் அல்ல. முதல் போர்டில் 1,00,000 பேர் கணக்கு எழுதினார்கள். 95-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 92,000. அப்படியானால் 95 எடுத்தவர் 92-வது பெர்சன்டைல். இரண்டாவது போர்டிலும் 1,00,000 பேர். 97-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 88,000. 97 எடுத்தவர் 88-வது பெர்சன்டைல். மதிப்பெண்ணில் பின்னால் இருப்பவர் வரிசையில் முன்னால் இருக்கிறார். இரண்டாவது போர்டில் 92-வது பெர்சன்டைலுக்கு எந்த மதிப்பெண் என்று பார்த்து, அது 98 என்றால், முதல் போர்டின் 95 இரண்டாவது போர்டின் 98-க்குச் சமம் என்று கொள்வார்கள். இரண்டு போர்டிலும் உச்சம் 100-ஆகவே இருக்கலாம்; உச்சத்தைச் சமப்படுத்தும் முறைக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

2013 முதல் 2016 வரை ஜேஇஇ மெயின் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 40 சதவீத எடை கொடுத்தபோது, போர்டுகளைச் சமப்படுத்தப் பெர்சன்டைலைத்தான் பயன்படுத்தினார்கள். எல்லாப் போர்டுகளிடமிருந்தும் எல்லா மாணவர்களின் மதிப்பெண்ணையும் வாங்கிச் சேர்க்க வேண்டிய பெரிய வேலை அது. 2017-லிருந்து பிளஸ் டூ எடையையே நீக்கிவிட்டார்கள். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையில் பெர்சன்டைல் இன்றும் இருக்கிறது: அவரவர் போர்டில், அவரவர் பிரிவில் 80-வது பெர்சன்டைலுக்கு மேலே இருக்க வேண்டும். தம்பியும் அத்தை பையனும் அங்கே ஒருவரோடொருவர் ஒப்பிடப்படுவதே இல்லை.

பெர்சன்டைலும் ஒன்றை ஊகித்துக்கொள்கிறது: இரண்டு போர்டு மாணவர்களும் மொத்தத்தில் ஒரே திறமை உடையவர்கள் என்று. ஒரு போர்டில் பெரும்பாலும் நகரப் பள்ளிகளும் இன்னொன்றில் எல்லா ஊர்ப் பள்ளிகளும் இருந்தால் அந்த ஊகம் எவ்வளவு நிற்கும் என்பது விவாதத்துக்குரியது. ஆனாலும் ஒற்றை மாணவரின் உச்ச மதிப்பெண்ணை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

மூன்றாவது வழி, ஒவ்வொரு போர்டின் சராசரியிலிருந்தும் பரவலிலிருந்தும் மாணவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்ப்பது. கேரளத்தில் கீம் நுழைவுத் தேர்வின் பொறியியல் தரவரிசைக்குப் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தார்கள். சராசரி உயர்ந்த போர்டு மாணவர்களுக்கு இதில் மதிப்பெண் இறங்கும். தங்களுக்கு இறங்குகிறது என்று கேரள ஸ்டேட் சிலபஸ் மாணவர்கள் குறைப்பட்டதால், 2025-ல் உச்சத்தைச் சமப்படுத்தும், தமிழ்நாட்டுக்கு ஒத்த முறைக்கு மாறினார்கள். தரவரிசை வெளியாகும் நேரத்தில் விதியை மாற்றியது செல்லாது என்று அந்த ஜூலையிலேயே கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய முறையில் பட்டியலைத் திரும்பப் போட்டபோது முதலிடம் உட்படப் பல ரேங்குகள் இடம் மாறின. மாணவர் எழுதிய விடைத்தாள் ஒன்றுதான். சூத்திரம் மாறியதும் ரேங்க் மாறியது.

வீட்டில் ஓரளவு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் இரண்டு வழிகள். தம்பியின் மதிப்பெண் பட்டியலில் கணக்குக்கு எதிரே ஏ1 இருந்தால், சிபிஎஸ்இ-யில் கணக்கில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கில், அதாவது முதல் 12.5 சதவீதத்துக்குள் இருக்கிறான். மேலே சொன்ன பயன் இதுதான்: அந்தக் கிரேடு போர்டுக்குள் அவன் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. ஸ்டேட் போர்டில் முடிவு வெளியாகும் நாளில் தேர்வுத் துறை ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை பேர் சென்டம் என்று அறிவிக்கும். எழுதியவர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால் உச்சியில் நெரிசல் எவ்வளவு என்று மட்டும் தெரியும், 97 எந்த இடம் என்று தெரியாது.

இரண்டாவது வழி, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பிரித்தெடுப்பது. கணக்கில் சிபிஎஸ்இ 80 எழுத்து, 20 அகமதிப்பீடு. ஸ்டேட் போர்டு 90 எழுத்து, 10 அகமதிப்பீடு. இயற்பியலில் சிபிஎஸ்இ 70 எழுத்து, 30 செய்முறை. ஸ்டேட் போர்டு 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. பள்ளியிலேயே போடும் இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் முழுசாகவோ ஒன்றிரண்டு குறைவாகவோ வரும். தம்பியின் இயற்பியல் 92 என்பது 62-ம் 30-ம் என்றால், எழுத்தில் அவன் எடுத்தது 70-க்கு 62, அதாவது 88.57 சதவீதம். அத்தை பையனின் 94 என்பது 65-ம் 29-ம் என்றால் எழுத்தில் 92.85. மொத்தத்தில் 2 மதிப்பெண்ணாகத் தெரிந்த இடைவெளி எழுத்தில் 4-க்கு மேலே விரிகிறது. வினாத்தாள் கடினம் வேறு என்பதால் இதுவும் முழு ஒப்பீடு ஆகாது. ஆனால் யார் பாடத்தை எவ்வளவு எழுதினார் என்பது கொஞ்சம் வெளிச்சமாகும்.

மொத்தச் சதவீதத்தை வைத்து ஒப்பிடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்டேட் போர்டு பிளஸ் டூவில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்து ஆறு பாடம், 600-க்கு. சிபிஎஸ்இ-யில் வழக்கமாக ஐந்து பாடம். ஆறாவது எடுத்தவர்களுக்கு எந்த ஐந்தைச் சேர்ப்பது என்று சிபிஎஸ்இ சொல்வதே இல்லை. மொத்தமும் வகுப்பும் அது தருவதில்லை. சிறந்த ஐந்தை எப்படி எடுப்பது என்பதைச் சேர்க்கும் கல்லூரிக்கே விட்டுவிட்டது. ஆகவே தம்பி கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பிப்பதானால், அந்தக் கல்லூரி ஆங்கிலத்தைக் கட்டாயம் சேர்க்கிறதா, உடற்கல்வி போன்ற பாடத்தைத் தள்ளிவிடுகிறதா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுச் சதவீதம் போடுங்கள்.

அத்தை பையன் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்தால், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவனுக்குத் தனியாக ஒரு ரேங்க் வரும். அந்த வரிசையில் தம்பியின் 188-க்கு இடமே இல்லை. பொதுத் தரவரிசையில் ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்கள் இருந்தால் முதலில் கணக்கு மதிப்பெண்ணையும் பிறகு இயற்பியலையும் பார்ப்பார்கள். எல்லாமே சமமாகிப் போனால் கடைசியில் ரேண்டம் எண் முடிவு செய்யும். தம்பி இப்போது செய்ய வேண்டியது, தரவரிசைப் பட்டியல் வந்ததும் தன் மூன்று மதிப்பெண்ணும் கட்-ஆஃபும் 188 என்றே வந்திருக்கிறதா என்று பார்ப்பது. தவறு இருந்தால் முறையிடச் சில நாட்கள் மட்டுமே தருவார்கள். அதற்குள் மதிப்பெண் பட்டியலோடு சேர்க்கை உதவி மையத்துக்குப் போய்விட வேண்டும்.